கரும்பலகையில் ஏறிய பெயர்

நவம்பர் பிறந்துவிட்டால் ஆண்டியப்பனைக் கையில் பிடிக்க முடியாது. எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி, காலையில் மூன்று மாத்திரை. இருந்தாலும் ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கெல்லாம் சட்டைப்பையில் இரண்டு பேனாவும் கையில் ஃபோனுமாக வந்து, புதுக்கோட்டை ரயில்வே ஓய்வூதியர் சங்கத்தின் ஷட்டரைத் தூக்கிவிடுவார். சங்கம் என்றால் பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. ஒரு மாவு மில்லுக்குப் பக்கத்தில் நீளவாக்கில் ஒரே அறை, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக், சுவரில் ஒரு கரும்பலகை. அவ்வளவுதான். ஆனால் நவம்பரில் அந்த அறைக்குள் ஆண்டியப்பன் நிற்கிற நிற்பைப் பார்த்தால், ஸ்டேஷன் மாஸ்டர் உத்தியோகத்திலிருந்து அவர் இன்னும் ஓய்வு பெறவில்லையோ என்று தோன்றும்.

பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று அரசாங்கம் வருஷத்துக்கு ஒரு தடவை கேட்கும். நவம்பர் முப்பதுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எண்பது தாண்டியவர்கள் அக்டோபர் ஒன்றிலிருந்தே சொல்லலாம். சொல்லாவிட்டால் யாரும் வீட்டுக்கு வந்து சண்டை போடப்போவதில்லை. டிசம்பர் மாதப் பென்ஷன் வராது, அவ்வளவுதான். இதைத்தான் உயிர்வாழ் சான்று என்று நோட்டீஸில் அச்சடிப்பார்கள். சங்கத்து ஆட்கள் வாயில் அது லைஃப் சர்டிபிகேட்.

அதைக் கொடுக்க எத்தனை வழி இருக்கிறதோ அத்தனையும் ஆண்டியப்பனுக்குத் தலைகீழ்ப் பாடம். மைக்கைப் பிடித்தால் நிறுத்த மாட்டார். நடக்க முடிகிறவர்கள் நேராக பேங்குக்குப் போய்ப் படிவத்தில் கையெழுத்துப் போடலாம். விரல் ரேகை விழுகிறவர்கள் மெஷினில் விரலை வைக்கலாம். ரேகை விழாதவர்கள் ஃபோனில் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினால் போதும். வாசலைத் தாண்ட முடியாதவர்களுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொடுப்பார், கட்டணம் எழுபது ரூபாய். படுத்த படுக்கையாக இருந்தால் பேங்குக்குச் சொல்லிவிட்டால் அங்கிருந்து ஆள் வரும். எதுவுமே ஆகாவிட்டால் தாசில்தார், பஞ்சாயத்துத் தலைவர் என்று அதற்கென்று அதிகாரம் உள்ள யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்ட படிவத்தை பேங்குக்கு அனுப்பினாலும் செல்லும். "இத்தனை வாசல் தெறந்து கெடக்கும்போது ஒருத்தர் வெளிய நிக்கிறாருன்னா அது சோம்பேறித்தனம்தான்" என்று முடிப்பார். முன்வரிசையில் கை தட்டுவார்கள்.

பின்வரிசையில் தட்ட மாட்டார்கள். அதற்குக் காரணம் அந்தக் கரும்பலகை.

அது சங்கத் தலைவர் என்ற முறையில் ஆண்டியப்பன் போட்ட சட்டம். 'உயிர்வாழ் சான்று தவறியவர்கள்' என்று பலகையின் மேலே பெயிண்டிலேயே எழுதி வைத்திருந்தார். யாருக்கு டிசம்பர் பென்ஷன் நின்றதோ, அவர் பெயர் ஜனவரி பொதுக்கூட்டத்தில் மைக்கில் வாசிக்கப்படும். பிறகு சிவப்புச் சாக்பீஸில் பலகையில் ஏறும். அடுத்த நவம்பர் வரை இறங்காது. மானத்துக்குப் பயந்தாவது ஒழுங்காகக் கொடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது போலத்தான் இருந்தது. முதல் வருஷம் பதினொரு பெயர், அடுத்த வருஷம் ஐந்து, போன வருஷம் ஒன்றே ஒன்று.

அந்த ஒன்று முனியசாமி. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வீடு. கேங்மேனாக முப்பத்தாறு வருஷம் தண்டவாளத்தோடு தண்டவாளமாக நடந்த மனுஷன். போன வருஷம் ஐப்பசி மழையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகன் துபாயில். நவம்பர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஜனவரியில் தடியை ஊன்றிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தவரை நிற்கவைத்து, "ஆஸ்பத்திரிக்கே ஆள் வருமேய்யா, எனக்கு ஒரு ஃபோன் போட ஒன் கை என்ன முறிஞ்சா போச்சு?" என்று ஆண்டியப்பன் மைக்கில் கேட்டார். சிலர் சிரித்தார்கள். முனியசாமி சிரிக்கவில்லை. தடியைத் திருப்பிக்கொண்டு போனவர்தான், அப்புறம் சங்கத்துப் பக்கமே வரவில்லை.

இந்த வருஷச் சான்று முகாமுக்கு வருவோம். ஆண்டியப்பனின் மனைவி சொர்ணவல்லி பங்குனியில் காலமாகிவிட்டார். அந்த அம்மாளும் ரயில்வேதான், புதுக்கோட்டை ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர். அவர் போனதிலிருந்து ஆண்டியப்பனுக்குத் தன் சொந்தப் பென்ஷனோடு மனைவி வழியில் குடும்பப் பென்ஷனும் வருகிறது. அந்தப் பணத்தில் அவர் ஒரு ரூபாய்கூட எடுத்ததில்லை. இருவர் பெயரிலும் இருந்த பழைய கணக்கில்தான் அது விழுகிறது. மாதக் கடைசியில் செய்தி வரும்போது, சொர்ணவல்லி கூப்பிட்டது மாதிரி ஃபோனை எடுத்துப் பார்ப்பார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சொல்கிற ஆளும் இல்லை.

நவம்பர் ஒன்றாம் தேதி மைக்கில் நின்று, "ரெண்டு பென்ஷன் வாங்குறவங்க நல்லாக் கேட்டுக்கங்க. ஒவ்வொரு பென்ஷனுக்கும் தனி பி.பி.ஓ. நம்பர் இருக்கு. ஒரு நம்பருக்கு ஒரு சர்டிபிகேட். ஒண்ணக் குடுத்துட்டு ரெண்டும் ஆச்சுன்னு போயிராதீங்க" என்று சொன்னவர் சாட்சாத் இவரேதான். சொல்லி வாய் மூடுவதற்குள், எல்லோரும் பார்க்கும்படி முதல் சான்றைத் தனக்கே எடுத்துக் காட்டினார். எந்த நம்பரைப் போட்டார்? சொர்ணவல்லியின் நம்பரை. முதல் வருஷமாயிற்றே, அவள் பெயரில் ஒரு குறை வந்துவிடக் கூடாதே என்ற தவிப்பு. ஆதாரைத் தட்டினார், நம்பரைத் தட்டினார், முகத்தைக் காட்டினார், கண்ணைச் சிமிட்டினார். டிங்கென்று செய்தி வந்தது. கூட்டம் கை தட்டியது. அதற்குள் முப்பது பேர் வரிசை கட்டிவிட்டார்கள். தன் சொந்த நம்பருக்கு அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த நிமிஷம் நினைத்தாரா, அதுகூட நினைக்கவில்லையா என்று இப்போது கேட்டால் அவருக்கே தெரியாது.

சாயங்காலம் பதிவேட்டை வைத்துக்கொண்டிருந்த இன்னாசியம்மாள் கேட்டார். ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள், சங்கத்தின் செயலாளர். நாக்கு ஊசி மாதிரி, கை மட்டும் பஞ்சு.

"சார், ஒங்களுது ஆச்சா?"

"காலையில ஊரே பாக்க எடுத்தேனேம்மா. டிக் போடுங்க."

டிக் விழுந்தது. நாலு நாளில், ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று செய்தியும் வந்தது. நவம்பர் பதினைந்தில் பேங்கிலிருந்து நினைவூட்டல் வந்தபோது ஆண்டியப்பன் சிரித்தார். இருபத்தைந்தில் இன்னொன்று வந்தபோது, "இது மெஷின் எல்லாருக்கும் அனுப்புறது, நம்மளுது ஆயிருச்சு" என்று விரலால் தள்ளிவிட்டார்.

பதிவேட்டில் இன்னும் சில டிக்குகள் இப்படி வாய்ச்சொல்லுக்கே விழுந்தவை. அதில் ஒன்று ராக்காயியுடையது. அந்த அம்மாளின் கணவரும் கேங்மேன். அவர் இறந்து பத்து வருஷமாகிறது. முகாமுக்கு வந்து டீ குடித்தவர் வரிசையில் நிற்கவில்லை. கேட்டதற்கு, மருமகன் பேங்குக்குக் கூட்டிப்போய்க் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். போன வருஷமும் அதையேதான் சொன்னார். ஆண்டியப்பன் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

டிசம்பர் முதல் வாரத்தில் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தார்கள். இருநூற்றுப் பதினாலு பேர், இருநூற்றுப் பதினாலு டிக். முனியசாமிகூடத் தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்துக் கொடுத்துவிட்டதாக ஆள் மூலம் சீட்டு அனுப்பியிருந்தார். நூற்றுக்கு நூறு. ஜனவரி முதல் ஞாயிறு பொதுக்கூட்டத்தில் ஆண்டியப்பனுக்குப் பொன்னாடை போர்த்துவது என்று தீர்மானமாயிற்று. "வேண்டாம்மா, எதுக்கு" என்று சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையைச் சலவைக்குப் போட்டார்.

டிசம்பர் முப்பத்தொன்று சாயங்காலம் ஃபோனில் செய்தி வந்தது. குடும்பப் பென்ஷன். சொர்ணவல்லி கணக்கு. வழக்கம்போல ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அதன் பின்னாலேயே அவருடைய பென்ஷனும் வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. மறுநாள் விடுமுறை. பேங்க்காரர்களின் லட்சணம் பற்றித் தெருவில் அகப்பட்டவர்களிடமெல்லாம் பேசினார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, சான்றின் நகலை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு பிடி பிடித்துவிடுவது என்று கிளம்பினார்.

பேங்கில் பென்ஷன் பார்க்கிற அதிகாரி மோகனப்ரியா. முப்பது வயதுப் பெண். வயசானவர்களை வரிசையில் நிற்கவைக்கிறீர்களே என்று இரண்டு வருஷத்துக்கு முன் ஆண்டியப்பன் அந்தப் பெண்ணிடம் சண்டை போட்டார். அடுத்த நாளே எட்டு நாற்காலி வந்தது. அதிலிருந்து இருவருக்கும் ஒரு மரியாதை. ஆண்டியப்பன் நகலை மேஜையில் வைத்து, இதற்கு என்ன பதில் என்று கேட்டார். அவள் நகலைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், மறுபடியும் நகலைப் பார்த்தாள்.

"சார், இது சொர்ணவல்லி அம்மாவோட பி.பி.ஓ. நம்பர். ஃபேமிலி பென்ஷனுக்குக் குடுத்திருக்கீங்க, அது சரியா ஏறிருச்சு. ஒங்க சொந்த நம்பருக்கு எதுவும் வரலை சார். மெசேஜ்கூடப் போயிருக்கு."

ஆண்டியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நம்பரை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். அவளுடைய நம்பர்தான். மனப்பாடமாகத் தெரிந்த நம்பர். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் உசிரோட இருக்கேன்னு ஒங்க மெஷினுக்குத் தெரியும்லம்மா?"

மோகனப்ரியா கிண்டல் பண்ணவில்லை, தெரிந்ததைச் சொன்னாள். "சொர்ணவல்லி அம்மா வீட்டுக்காரரா இருக்கீங்கன்னு தெரியும் சார். ஸ்டேஷன் மாஸ்டர் ஆண்டியப்பனா இருக்கீங்களான்னு தெரியாது."

அது நெஞ்சில் எங்கேயோ போய்த் தைத்தது. ஒரு பக்கம் வெட்கம். இன்னொரு பக்கம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு சின்ன சந்தோஷம். பங்குனியிலிருந்து அவர் இருந்த இருப்பும் அப்படித்தானே.

வேலை என்னவோ கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. படிவத்தை நிரப்பினார், ஆதாரையும் பாஸ்புக்கையும் காட்டினார், அவள் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார். அவள் சரிபார்த்து முத்திரை வைத்தாள். இன்றைக்கே ஏற்றிவிடுவதாகவும், நின்றுபோன டிசம்பரும் சேர்ந்து வந்துவிடும் என்றும் சொன்னாள். மூன்று வருஷத்துக்குள் கொடுத்துவிட்டால் பேங்கே பாக்கியோடு போட்டுவிடும், அதற்கு மேல் போனால்தான் மேலிடத்து ஒப்புதல் அது இது என்று இழுக்கும். இதெல்லாம் ஆண்டியப்பனே நூறு பேருக்குச் சொன்னதுதான். எழுந்திருக்கும்போது அவள் குரலைத் தாழ்த்தி, "யாருக்கும் தெரியப்போறதில்ல சார், கவலப்படாதீங்க" என்றாள்.

நல்ல மனசோடு சொன்னாள் பாவம். அதுதான் அவரை இரண்டு நாள் தூங்கவிடாமல் பண்ணியது.

தெரியப்போவதில்லைதான். பதிவேட்டில் டிக் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பொன்னாடை இருக்கிறது. பலகை முதல் தடவையாகச் சுத்தமாக இருக்கிறது. பிறகு மடியில் என்ன கனம்? ஒன்றுதான். வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முனியசாமி தடியைத் திருப்பிக்கொண்டு போன அந்த முதுகு தெரிந்தது. இடுப்பு முறிந்து கிடந்தவனுக்கு இவ்வளவு ஏச்சு. வரிசையாக வந்த நினைவூட்டலைத் தள்ளிவிட்டவனுக்குப் பொன்னாடையா? சொர்ணவல்லி இருந்திருந்தால் இந்நேரம் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தார். அவள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு, ரசம் ஊற்றும்போது முகத்தை ஒரு தடவை பார்த்திருப்பாள். அதற்கு ஏச்சே பரவாயில்லை.

சனிக்கிழமை காலை கந்தர்வக்கோட்டை பஸ் ஏறினார். முனியசாமி வீட்டு வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். வந்தவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். ஆண்டியப்பன் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, எதிரே திண்டாடிக்கொண்டு நின்றார். மைக் இல்லாமல் பேசிப் பழக்கமில்லாத ஆள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். நம்பர் மாறியது, மெசேஜைத் தள்ளியது, பென்ஷன் நின்றது எல்லாம். போன வருஷம் பேசியது தப்பு, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

முனியசாமி பொறுமையாகக் கேட்டார். உள்ளே திரும்பி, சாருக்கு ஒரு டீ போடச் சொல்லிக் குரல் கொடுத்தார். பிறகு சொன்னார்.

"சார், என்னைய மைக்குல பேசுனீங்க. இருநூறு பேரு கேட்டாக. இப்ப மன்னிப்ப எங்கிட்ட மட்டும் வந்து காதுல சொல்லுறீங்க. இது எந்த ஊரு ஞாயம்?"

ஆண்டியப்பன் வாசற்படியில் உட்கார்ந்தார். டீ வந்தது, குடித்தார். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தபோது அவருடைய பழைய தோரணை திரும்பி வந்துவிட்டது.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டம். நீ வரணும். ஆட்டோவுக்கு நான் சொல்லிவிடுறேன்."

"வாரேன். ஆட்டோ வேணாம். பஸ் ஓடுதுல்ல" என்றார் முனியசாமி.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நிரம்பி வழிந்தது. வெளியே மாவு மில் வாசல் வரைக்கும் நாற்காலி. இன்னாசியம்மாள் பொன்னாடையைத் தட்டில் வைத்து, மேலே ஒரு எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார். முனியசாமி கடைசி வரிசையில், கதவோரம். ராக்காயி பெண்கள் பக்கம் நாலாவது நாற்காலியில், முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆண்டியப்பன் மைக்கைப் பிடித்தார். வணக்கம் சொல்லவில்லை. இன்னாசியம்மாளிடம் கையை நீட்டி, சிவப்புச் சாக்பீஸ் கேட்டார். யார் பெயருக்கு என்று அவர் முழித்தார். ஆண்டியப்பன் தானே மேஜை டிராயரைத் திறந்து எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார். அழுத்தி, பெரிய எழுத்தில், இனிஷியலோடு தன் பெயரை எழுதினார். கூட்டம் சிரித்தது. தலைவர் ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

அவர் திரும்பி நின்று நடந்ததைச் சொல்லச் சொல்ல, சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது. ஒளிக்கவில்லை, பூசவில்லை. மனைவியின் நம்பருக்குக் கொடுத்துவிட்டு ஊருக்கு உபதேசம் பண்ணியதைச் சொன்னார். பேங்க் இரண்டு தடவை சொல்லியும் தன் காதில் ஏறவில்லை என்றார். கடைசியில் கதவோரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"போன வருஷம் இதே எடத்துல நின்னு முனியசாமிய ஏசுனேன். இடுப்பொடிஞ்சு கெடந்த மனுஷன. எனக்கு ஒடிஞ்சது ஒண்ணுமில்ல, திமிருதான். அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேக்குறேன். மைக்குலயே கேக்குறேன்."

கதவோரத்திலிருந்து முனியசாமி தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "சரி சார். கேட்டுருச்சு" என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால், ஆண்டியப்பன் பெரிய மனுஷன் என்று பேசிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இன்னாசியம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகைத் துடைப்பானோடு வந்துவிட்டார், பெயரை அழிக்க. அப்போதுதான் பெண்கள் பக்கம் நாலாவது நாற்காலி நகர்ந்தது.

ராக்காயி எழுந்து நின்றார். நிற்கவே பயமாக இருந்தது அந்த அம்மாளுக்கு, முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எனக்கும் வரல."

டிசம்பர் வரவில்லையா என்று ஆண்டியப்பன் கேட்டார்.

"அதுக்கு முந்தின டிசம்பரே வரல. பதிமூணு மாசமாச்சு."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கேட்கக் கேட்கத்தான் எல்லாம் வந்தது. ராக்காயி வீட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. கொட்டை ஓட்டின் காரப் பால் பட்டுப் பட்டு விரலெல்லாம் வெந்து உரிந்து, ரேகை அழிந்துபோன கை. முந்தின வருஷம் நவம்பரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் விழவில்லை. இந்த ஆத்தா இல்லைன்னு மெஷின் சொல்லுது என்று கடைக்காரன் சொல்லி அனுப்பிவிட்டான். ஜனவரியில் அதைச் சொல்லலாம் என்றுதான் கூட்டத்துக்கு வந்தார். வந்த இடத்தில் முனியசாமிக்கு நடந்ததைப் பார்த்தார். மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில் தன் பெயர் சிவப்பில் ஏறினால் மருமகன் முகத்தில் எப்படி முழிப்பது என்று வாயை மூடிக்கொண்டார். மருமகன் பேங்குக்குக் கூட்டிப்போனதாகச் சொன்னதெல்லாம் பொய். அவருக்கு விஷயமே தெரியாது. பென்ஷன் போனதும் கூடுதலாக ஒரு மூட்டை கொட்டை வாங்கி உடைத்தார். விரல் இன்னும் மோசமாயிற்று.

ஆண்டியப்பன் மைக்கைக் கீழே வைத்தார். இதுவரைக்கும் வந்த வெட்கம் எல்லாம் வெட்கமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் பலகை யாருடைய சோம்பேறித்தனத்தையும் தீர்க்கவில்லை. பதினொன்று ஐந்தாகி, ஐந்து ஒன்றாகி, ஒன்று பூஜ்யமானதில் எத்தனை பேர் இப்படி வாயை மூடிக்கொண்டவர்களோ. நேராகப் பலகைக்குப் போனார். தன் பெயரை அழிக்க வந்த இன்னாசியம்மாளிடமிருந்து துடைப்பானை வாங்கினார். பலகையின் மேலே இருந்த வாசகம் பெயிண்டாயிற்றே, துடைத்தால் போகுமா? போகவில்லை. பலகையையே ஆணியிலிருந்து கழற்றி, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பித் தரையில் சாய்த்து வைத்தார். சிவப்புப் பெயரோடு சேர்ந்து அது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அக்கா, பென்ஷன் புக்கு வச்சிருக்கீங்களா?"

பயந்த ஆள் என்றால் என்ன, ராக்காயி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இடுப்பிலேயேதான் வைத்திருந்தார். பதிமூன்று மாதமாக வைத்திருக்கிறார், யாராவது கேட்பார்களா என்று. முன்வரிசையில் வெளிச்சம் விழுகிற இடத்தில் நாற்காலி போட்டார்கள். ஆண்டியப்பன் ஃபோனை எடுத்தார். ஆதார் நம்பரை இன்னாசியம்மாள் வாசித்தார். பி.பி.ஓ. நம்பரை அவர் ஒரு தடவை வாசித்தார், முனியசாமி நொண்டிக்கொண்டே வந்து இன்னொரு தடவை வாசித்தார், ஆண்டியப்பன் தட்டியதைத் திருப்பி மூன்றாவது தடவை தானே வாசித்தார். குடும்பப் பென்ஷன் என்று போட்டாரா என்று இன்னாசியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

"அக்கா, இதப் பாருங்க. வெரலு வேணாம். மூஞ்சியக் காட்டுங்க. ஆங், கண்ணச் சிமிட்டுங்க."

ராக்காயிக்குச் சிமிட்ட வரவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சிமிட்டினார். ஃபோன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. டிங்கென்று செய்தி.

நவம்பரில் இந்த இடத்தில்தான் கை தட்டினார்கள். இன்றைக்கும் தட்டக் கையைத் தூக்கினார்கள். ஆண்டியப்பன் கையமர்த்தினார். செய்தி வந்தால் மட்டும் பத்தாது, பேங்க் ஏற்றுக்கொண்டதா என்று தன் கண்ணால் பார்த்த பிறகுதான் இனி டிக் என்றார். பதிமூன்று மாதம் நின்ற பென்ஷன், மூன்று வருஷத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. ஒரு மாதம் விடாமல் வந்துவிடும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ராக்காயியைத் தானே மோகனப்ரியாவிடம் கூட்டிப்போய், படிவத்திலும் ஒரு கையெழுத்து வாங்கிவிடுவதாகச் சொன்னார். அவர் வீட்டில் விஷயம் தெரிந்து ஏதாவது பேச்சு வந்தால், மருமகனிடம் பேசவும் தானே வருவதாகச் சொன்னார். சொன்ன தோரணை பழைய ஆண்டியப்பன் தோரணைதான், ஆனால் இந்தத் தடவை பின்வரிசையிலும் தலையாட்டினார்கள்.

பொன்னாடைத் தட்டு மேஜையில் அப்படியே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை, எலுமிச்சம்பழம் மட்டும் உருண்டு ஓரத்துக்கு வந்திருந்தது.

ராக்காயி ஃபோனில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"தம்பி, இப்ப நான் இருக்கேனா?"

"இருக்கீங்க அக்கா" என்றார் ஆண்டியப்பன். "நானே முந்தாநேத்துத்தான் உசிரோட வந்தேன்."